சிதறிக் கிடக்கும் மழைமானிகளிலிருந்து ஒரு வடிநிலத்தின் சராசரி மழையைக் கணக்கிடுவது எப்படி?

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவானது. தாம்பரத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே சுமார் பத்துக் கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே 14 செ.மீ. வித்தியாசம். இப்போது யாராவது உங்களிடம் "அன்றைக்கு அடையாற்று வடிநிலத்தில் எவ்வளவு மழை பெய்தது?" என்று கேட்டால் இந்த நான்கில் எதைச் சொல்வீர்கள்? ஏரிக்கு எவ்வளவு நீர் வந்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டியவருக்குத் தேவை ஊருக்கு ஓர் எண் அல்ல, நீர் வடிந்து வரும் நிலப்பரப்பான வடிநிலம் முழுவதற்கும் ஒரே எண்.

அந்த ஒரே எண்ணுக்கு வரும் வழிகளில் பழையதும், இன்றும் அதிகம் பயன்படுவதும் தீசன் பலகோண முறை. அமெரிக்க வானிலைத் துறையில் பணியாற்றிய ஆல்ஃபிரட் தீசன் 1911-இல் இதை முன்வைத்தார். வடிநிலத்தின் ஒவ்வொரு புள்ளியிலும், தனக்கு மிக அருகிலுள்ள மழைமானி காட்டிய மழையே பெய்தது என்று வைத்துக்கொள்வதுதான் அதன் அடிப்படை. அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு மழைமானிக்கும் ஒரு பலகோணம் சொந்தமாகிறது. பலகோணத்தின் பரப்பு எவ்வளவோ, அந்த அளவுக்குச் சராசரியில் அந்த மழைமானிக்குப் பங்கு.

பலகோணம் வரைவது ஒரு மணி நேர வேலை. தினசரிப் பதிவேட்டில் விடுபட்ட கட்டங்களை நிரப்புவதுதான் நாள்கணக்கில் ஓடும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதல் பாதியில் நேரத்தைச் செலவழித்துவிட்டு இரண்டாம் பாதியை அவசரமாக முடிக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதை மாற்றி, ஒரு சிறிய வடிநிலத்தை எடுத்து இரண்டையும் கடைசிவரை செய்து பார்ப்போம்.

கைவசம் இருக்க வேண்டியவை

வடிநிலத்தின் எல்லைக்கோடு, மழைமானிகளின் இருப்பிடம், தினசரி மழைப் பதிவு, ஒவ்வொரு மழைமானிக்கும் மாதவாரியான இயல்பு மழை, அதாவது முப்பதாண்டுச் சராசரி. இந்த நான்கும் போதும்.

மழைமானிகளைத் தேடும்போது வடிநிலத்துக்கு உள்ளே இருப்பவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லைக்கு வெளியே, பக்கத்திலேயே இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேகத்துக்கு வடிநில எல்லை தெரியாது. வெளியே இருக்கும் மழைமானிக்கு உள்ளே ஒரு துண்டு நிலம் கிடைப்பதும் உண்டு. கீழே உள்ள கணக்கிலேயே அதைப் பார்க்கலாம்.

இருப்பிடத்தைப் படத்தில் வைத்துக் கண்ணால் சரிபாருங்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் புள்ளி எங்கோ போய் நிற்கும், உடனே தெரிந்துவிடும். தெரியாமல் போவது வேறொன்று. மழைமானி நிற்பது தாலுகா அலுவலக வளாகத்தில். பட்டியலில் இருப்பதோ ஊரின் நடுப்புள்ளி. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப்போனால் சிறிய வடிநிலத்தில் பலகோணத்தின் பரப்பு கணிசமாக மாறும்.

நம் மாதிரி வடிநிலம்

கணக்கை நீங்களே வரைபடத் தாளில் போட்டுப் பார்க்க வசதியாக, கற்பனையான ஒரு செவ்வக வடிநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். மேற்கிலிருந்து கிழக்காக 20 கி.மீ., தெற்கிலிருந்து வடக்காக 10 கி.மீ. மொத்தம் 200 சதுர கி.மீ. மேற்கே மலையடிவாரம், கிழக்கு ஓரத்தில் ஏரி. தென்மேற்கு மூலையை (0, 0) என்று வைத்தால், மழைமானிகள் இருக்கும் இடங்கள் இவை: வடமலை (3, 8), தென்மலை (3, 2), நடுவூர் (9, 5), கீழூர் (17, 5), வெளியூர் (21, 5). கடைசி மழைமானி கிழக்கு எல்லைக்கு ஒரு கிலோமீட்டர் வெளியே இருக்கிறது.

பலகோணம் வரைதல்

ஒருமுறையாவது கையால் வரையுங்கள். பக்கத்துப் பக்கத்து மழைமானிகளைக் கோடுகளால் இணைத்து முக்கோணங்களாக்க வேண்டும். நீண்டு மெலிந்த முக்கோணங்களைத் தவிர்த்து, முடிந்தவரை கொழுத்த முக்கோணங்களாக வரும்படி இணையுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்புக் கோட்டின் நடுப்புள்ளியிலும் செங்குத்துக் கோடு போடுங்கள். அந்தச் செங்குத்துக் கோடுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களே பலகோணத்தின் முனைகள். வடிநில எல்லைக்கு வெளியே நீள்வதை வெட்டிவிடலாம்.

நம் வடிநிலத்தில் வடமலையும் தென்மலையும் நேர்மேலும் கீழுமாக இருப்பதால் அவற்றைப் பிரிக்கும் கோடு சரியாக நடுவில், தெற்கு எல்லையிலிருந்து 5 கி.மீ. உயரத்தில், கிடையாகப் போகும். நடுவூரையும் கீழூரையும் பிரிக்கும் கோடு மேற்கு எல்லையிலிருந்து 13 கி.மீ. தூரத்திலும், கீழூரையும் வெளியூரையும் பிரிக்கும் கோடு 19 கி.மீ. தூரத்திலும் நேராக நிற்கும். வடமலையையும் நடுவூரையும் பிரிக்கும் கோடு மட்டும் சாய்ந்தது. வடக்கு எல்லையில் 7.75 கி.மீ. தூரத்தில் தொடங்கி, நடுக்கோட்டை 5.25 கி.மீ. தூரத்தில் தொடும். தென்மலைப் பக்கமும் அதே கோட்டின் கண்ணாடிப் பிம்பம்.

பரப்பைக் கணக்கிட்டால் வடமலைக்கு 32.5 சதுர கி.மீ., தென்மலைக்கு 32.5, நடுவூருக்கு 65, கீழூருக்கு 60, வெளியூருக்கு 10. கூட்டினால் 200 வர வேண்டும், வருகிறது. இந்தக் கூட்டல் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள். மொத்தப் பரப்பால் வகுத்தால் எடைகள் கிடைக்கும்: 0.1625, 0.1625, 0.325, 0.30, 0.05. வடிநிலத்துக்கு வெளியே நிற்கும் மழைமானிக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு கிடைத்திருப்பதைக் கவனியுங்கள்.

உண்மையான வடிநிலத்துக்கு QGIS என்ற இலவச வரைபட மென்பொருள் போதும். மழைமானிப் புள்ளிகளையும் வடிநில எல்லையையும் ஏற்றியதும், இரண்டையும் மீட்டரில் அளக்கும் ஆயத்தொலைவு முறைக்கு மாற்றுங்கள். பாகையில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே வைத்துக்கொண்டு வரையக் கூடாது. சென்னை, மதுரை, சேலம் பக்கம் என்றால் `EPSG:32644`. தீர்க்கரேகை 78 பாகைக்கு மேற்கே உள்ள கோவை, நீலகிரிக்கு `EPSG:32643`. அதன்பின் `Voronoi Polygons` கருவியை ஓட்டுங்கள். தீசன் பலகோணமும் வொரோனோய் பலகோணமும் ஒன்றுதான். கணிதக்காரர்கள் வைத்த பெயர் அது.

அந்தக் கருவியில் `Buffer region` என்று ஒரு கட்டம் இருக்கும். அதைச் சுழியத்தில் விட்டால் பலகோணங்கள் மழைமானிகளைச் சுற்றிய பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும், வடிநிலத்தின் ஓரங்கள் எந்த மழைமானிக்கும் சேராமல் அம்போவென்று கிடக்கும். 50 அல்லது 100 கொடுங்கள். பிறகு `Clip` கருவியால் வடிநில எல்லைக்கு வெட்டி, புலக் கணிப்பானில் `$area / 1000000` என்று கொடுத்தால் சதுர கிலோமீட்டரில் பரப்பு வந்துவிடும். கூட்டுத்தொகை வடிநிலப் பரப்புக்குச் சமமாக இல்லையென்றால் பெரும்பாலும் இந்தப் பெட்டிச் சிக்கல்தான் காரணம்.

முழுப் பதிவு உள்ள ஒரு நாள்

ஒரு நாள் ஐந்து மழைமானிகளும் மழையைப் பதிவு செய்திருக்கின்றன: வடமலை 84 மி.மீ., தென்மலை 96, நடுவூர் 40, கீழூர் 18, வெளியூர் 12. ஒவ்வொன்றையும் அதன் எடையால் பெருக்கினால் 13.65, 15.60, 13.00, 5.40, 0.60. கூட்டினால் 48.25 மி.மீ.

பலகோணமெல்லாம் எதற்கு, வடிநிலத்துக்குள் இருக்கும் நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் போதாதா என்று நினைத்தால் 59.5 மி.மீ. வரும். மலையடியில் இரண்டு மழைமானிகள் நெருங்கி நிற்பதால் சாதாரணச் சராசரியில் மலை இரண்டு குரலில் பேசுகிறது. வித்தியாசம் 11.25 மி.மீ. இதை நீராக மாற்றிப் பார்த்தால்தான் கனம் புரியும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 கன மீட்டர். 200 சதுர கிலோமீட்டரில் 11.25 மி.மீ. என்றால் 22.5 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 79 மில்லியன் கன அடி. இவ்வளவும் பெய்த மழையின் கணக்குத்தான், ஏரிக்கு வந்து சேர்ந்த நீரின் கணக்கல்ல. ஆனாலும் வரத்துக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

எக்செல் போன்ற விரிதாளில் முதல் வரியில் எடைகளையும், மூன்றாம் வரியிலிருந்து தினசரி மழையையும் வைத்தால் சூத்திரம் இப்படி:

```
=IF(COUNT(B3:F3)<5,"",SUMPRODUCT(B3:F3,$B$1:$F$1))
```

முன்னால் இருக்கும் `COUNT` சோதனையை வேண்டாத அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். `SUMPRODUCT` காலிக் கட்டத்தைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் தராது. நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் இந்தச் சோதனை இல்லாமல் ஒரு முழுப் பருவத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தேன். ஒரு மழைமானியின் நவம்பர் மாதப் பதிவு முழுக்கக் காலியாக இருந்தது. தாளில் எண்கள் அழகாக இருந்தன. ஏரி மட்டம் ஏறிய அளவுக்கு மழை போதவில்லையே என்று மூத்த பொறியாளர் ஒருவர் கேட்டபோதுதான் கட்டங்களைத் திறந்து பார்த்தேன். அன்றிலிருந்து `COUNT` இல்லாமல் இந்தச் சூத்திரத்தை நான் எழுதியதில்லை.

நிரப்புவதற்கு முன் பதிவேட்டைப் படியுங்கள்

காலிக் கட்டம் ஒன்று, சுழியம் வேறொன்று. சுழியம் என்றால் ஆள் போய்ப் பார்த்தார், மழை இல்லை. காலி என்றால் யாரும் பார்க்கவில்லை. நடைமுறையில் இரண்டும் கலந்துதான் வரும். கோடைமாதங்களில் மழை இல்லாத நாளைக் காலியாக விடும் பழக்கம் சில பதிவேடுகளில் உண்டு. பக்கத்து மழைமானிகளும் அன்று வறண்டிருந்தால் சுழியம் என்று எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தின் நடுவே, சுற்றிலும் 40, 50 மி.மீ. பெய்திருக்கும்போது பட்டியலில் சுழியம் இருந்தால், அது தட்டச்சு செய்தவர் காலிக் கட்டத்தில் போட்ட சுழியமாக இருக்கக்கூடும். அதைச் சந்தேகத்துக்குரியது என்று குறித்துவையுங்கள்.

அடுத்து தேதி. இந்தியாவில் தினசரி மழை காலை 8.30 மணிக்கு அளக்கப்பட்டு, அளந்த தேதியில் எழுதப்படுகிறது. 5-ஆம் தேதி மாலை கொட்டிய மழை 6-ஆம் தேதிக் கட்டத்தில் இருக்கும். ஒரு மழைமானியில் மட்டும் "நேற்றுப் பெய்தது" என்று முந்திய தேதியிலேயே எழுதும் பழக்கம் இருந்தாலோ, தானியங்கி மழைமானி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டினாலோ, அந்த வரிசை ஒரு நாள் பிசகிவிடும். பக்கத்து மழைமானியின் வரிசையை அருகில் வைத்துப் பாருங்கள். பெரிய மழைகள் எல்லாம் தொடர்ந்து ஒரு வரி மேலே இருந்தால் தேதிப் பிசகுதான். இதைச் சரிசெய்யாமல் அந்த மழைமானியை வைத்து மற்றதை நிரப்பினால், ஒருநாள் மழை இரண்டு நாள் மழையாகப் பரவிவிடும். உலக நேரத்தில் பதிவாகும் கருவி என்றால் காலை 8.30 என்பது அங்கே 03:00 என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, சேர்ந்து விழுந்த அளவீடு. ஞாயிறு காலி, திங்கள் 68 மி.மீ. ஞாயிறு யாரும் வரவில்லை, திங்கள் காலை பாத்திரத்தில் இருந்த இரண்டு நாள் நீரையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். ஞாயிறைப் பக்கத்து மழைமானிகளைக் கொண்டு நிரப்பிவிட்டு 68-ஐயும் அப்படியே விட்டால், அதே மழையை இரண்டு முறை எண்ணியதாகும். மொத்தத்தை வைத்துக்கொண்டு பங்கை மட்டும் பக்கத்து மழைமானியிடமிருந்து எடுக்க வேண்டும். அங்கே ஞாயிறு 30, திங்கள் 10 என்றால் மூன்றுக்கு ஒன்று. நம் 68-ஐ 51 ஆகவும் 17 ஆகவும் பிரிக்கலாம். வாரந்தோறும் ஒரே கிழமை காலியாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது நேரில் பார்த்தால்தான் பிடிபடும். மழைமானியின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. என்றால் 20 மில்லி நீர் ஒரு மில்லிமீட்டர் மழை. 100 சதுர செ.மீ. என்றால் 10 மில்லி. அளவுக் குடுவை உடைந்து, மற்ற அளவுக்கான குடுவை வந்து சேர்ந்தால் மழை இரட்டிப்பாகவோ பாதியாகவோ எழுதப்படும். தினசரி எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த மழைமானியின் கூடிக்கொண்டே போகும் மொத்தத்தை, சுற்றியுள்ளவற்றின் சராசரி மொத்தத்துக்கு எதிரே வரைந்தால் கோடு ஓரிடத்தில் சட்டென்று முறியும். அந்த இடத்துத் தேதிதான் குடுவை மாறிய தேதி, அல்லது மழைமானி இடம்பெயர்ந்த தேதி.

தென்மலை காலியாக இருக்கும் நாள்

இப்போது இன்னொரு நாள். வடமலை 70, நடுவூர் 35, கீழூர் 15, வெளியூர் 10 மி.மீ. தென்மலை காலி. அந்த மாதத்தின் இயல்பு மழை தென்மலைக்கு 240, வடமலைக்கு 200, நடுவூருக்கு 160, கீழூருக்கு 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கைக்கு வருவது சாதாரணச் சராசரி. உள்ளே இருக்கும் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 40. இது தென்மலை என்ற இடத்தையே மறந்துவிட்ட எண். வழக்கமாக மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பெய்யும் இடம் அது.

அதனால்தான் இயல்பு விகித முறை வந்தது. ஒவ்வொரு அண்டை மழைமானியின் எண்ணையும் தென்மலையின் அளவுக்கு உயர்த்திவிட்டுச் சராசரி எடுப்பது. வடமலையின் 70-ஐ 240/200-ஆல் பெருக்கினால் 84. நடுவூரின் 35-ஐ 240/160-ஆல் பெருக்கினால் 52.5. கீழூரின் 15-ஐ 240/150-ஆல் பெருக்கினால் 24. மூன்றின் சராசரி 53.5. இயல்பு மழைகள் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சாதாரணச் சராசரியே போதும், அதற்கு மேல் விலகினால் விகிதம் வேண்டும் என்பது பாடநூல்கள் சொல்லும் விதி. இங்கே விலகல் மிகப் பெரியது.

ஆனால் இதிலும் ஒரு குறை. 6 கி.மீ. தூரத்தில் இருக்கும் வடமலைக்கும், 14 கி.மீ. தாண்டி இருக்கும் கீழூருக்கும் சமமான வாக்கு. தினசரி மழையில் இது பொருந்தாது. மாத மொத்தம் தூரம் போனாலும் ஓரளவு ஒத்துப்போகும், ஒருநாள் மழை அப்படியல்ல. எனவே தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக எடை கொடுத்து, விகிதத்தையும் சேர்ப்பதே தினசரி நிரப்பலுக்கு நான் பரிந்துரைப்பது:

```
Px = Nx × Σ( Pi / (Ni × di²) ) / Σ( 1 / di² )
```

இதில் `Px` நிரப்ப வேண்டிய மழை, `Nx` அந்த மழைமானியின் இயல்பு மழை, `Pi`, `Ni`, `di` ஆகியவை அண்டை மழைமானியின் அன்றைய மழை, இயல்பு மழை, தூரம். தென்மலையிலிருந்து தூரத்தின் வர்க்கம் வடமலைக்கு 36, நடுவூருக்கு 45, கீழூருக்கு 205. எடைகளாக மாற்றினால் 0.506, 0.405, 0.089. ஏற்கெனவே உயர்த்திய 84, 52.5, 24 ஆகியவற்றை இவற்றால் பெருக்கிக் கூட்டினால் 65.9 மி.மீ.

40, 53.5, 65.9. ஒரே கட்டத்துக்கு மூன்று விடை. வடிநிலச் சராசரியில் இவை முறையே 34.3, 36.4, 38.5 மி.மீ. ஆகின்றன. தென்மலையின் எடை 0.1625 என்பதால், நிரப்புவதில் 26 மி.மீ. மாறினாலும் சராசரி 4 மி.மீ.தான் மாறுகிறது. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதை எடையே காட்டிவிடும். வெளியூர் காலியாக இருந்தால் எந்த முறையில் நிரப்பினாலும் பாதகமில்லை. நடுவூர் காலியாக இருந்தால் அன்றைய கணக்கில் மூன்றில் ஒரு பங்கு ஊகம்.

நிரப்பாமல் பலகோணத்தை மாற்றி வரைந்தால்?

இப்படியும் ஒரு வழி உண்டு. தென்மலையை அன்று இல்லாததாக வைத்து, மீதி நான்குக்கும் புதிதாகப் பலகோணம் வரைவது. அப்போது தென்மலையின் 32.5 சதுர கி.மீ.யில் 20 வடமலைக்கும் 12.5 நடுவூருக்கும் போகும். எடைகள் 0.2625, 0.3875, 0.30, 0.05 ஆகி, சராசரி 36.9 மி.மீ. வரும்.

இதை நிரப்பாத வழி என்று நினைப்பது தவறு. தென்மலையில் 56.5 மி.மீ. பெய்தது என்று மறைமுகமாக நிரப்பியிருக்கிறீர்கள். அந்த 56.5-இல் இயல்பு மழையின் விகிதம் இல்லை, எனவே மலைப்பக்கம் வழக்கமாகக் குறைத்தே காட்டும். சமவெளியில், இயல்பு மழைகள் நெருங்கி இருக்கும் இடத்தில், இது நல்ல வழி, வேகமானதும்கூட. நம் வடிநிலத்துக்கு அல்ல. ஐந்து மழைமானிகளில் எவை எவை இருக்கின்றன என்பதற்கு 31 சேர்க்கைகள் சாத்தியம் என்பதால், நிரல் எழுதத் தெரியாதவருக்குக் கையால் பராமரிப்பதும் கடினம்.

நிரப்பியதை எப்படி நம்புவது?

உண்மை தெரிந்த நாளை மறைத்துவிட்டு நிரப்பிப் பாருங்கள். முழுப் பதிவு இருந்த முதல் நாளில் தென்மலையின் 96-ஐ மறைத்துவிட்டு அதே சூத்திரத்தை ஓட்டினால் 77.9 மி.மீ. வருகிறது. 18 மி.மீ. குறைவு, வடிநிலச் சராசரியில் 2.9 மி.மீ. குறைவு. ஒருநாள் போதாது. முழுப் பதிவு உள்ள நூறு மழைநாள்களிலாவது இப்படி மறைத்து மறைத்துப் பாருங்கள். பிழைகள் இரு பக்கமும் சிதறினால் பரவாயில்லை. தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் இயல்பு மழை விகிதம் சரியில்லை என்று பொருள்.

பெரிய மழையைக் குறைத்துக் காட்டுவது இந்த முறையின் பிறவிக்குணம், ஏனென்றால் சராசரி எதுவும் உச்சத்தை மழுங்கடிக்கும். மறுபக்கம், எங்கோ ஒரு மழைமானியில் 6 மி.மீ. தூறினால் வறண்ட இடத்திலும் அரை மில்லிமீட்டர் மழையை எழுதிவைக்கும். மாதத்துக்கு 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இந்திய வானிலைத் துறை மழைநாள் என்று கொள்வது இந்த அளவைத்தான். நிரப்பிய மாதங்களில் மழைநாள்கள் மற்ற ஆண்டுகளைவிட அதிகமாகத் தெரிந்தால், மிக அருகிலுள்ள இரண்டு மழைமானிகளும் சுழியம் காட்டும் நாளில் சுழியத்தையே நிரப்புவது என்று ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ள உச்சத்தை ஆராய்பவர் நிரப்பிய நாள்களை உச்சப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

இயல்பு மழையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆண்டு மொத்தத்தை எடுத்து விகிதம் போடாதீர்கள், மாதவாரியாக, குறைந்தது பருவவாரியாகப் போடுங்கள். நீலகிரியை நினைத்துப் பாருங்கள். மேற்குச் சரிவில் இருக்கும் தேவாலாவில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கிழக்குப் பக்கமுள்ள குன்னூருக்கு முக்கியமான மழை அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவத்தில்தான். ஆண்டு விகிதத்தை வைத்து நவம்பர் நாளில் குன்னூரைக் கொண்டு தேவாலாவை நிரப்பினால் இல்லாத பெருமழை எழுதப்பட்டுவிடும். இரண்டு இடத்துக்கும் இடையே மலைமுகடு நிற்கும்போது, தூரம் குறைவு என்பதால் மட்டும் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரப்பவும் கூடாது. தீசன் பலகோணத்துக்கும் இதே குறை உண்டு. அதற்குத் தூரம் தெரியும், உயரம் தெரியாது. மலை வடிநிலத்தில் மழைமானிகள் எல்லாம் அடிவாரத்தில் இருந்தால் முகட்டின் மழை கணக்கிலேயே வராது. எடைகளை எவ்வளவு நுணுக்கமாகப் போட்டாலும் அது மாறப்போவதில்லை.

முப்பதாண்டு இயல்பு மழை இல்லாத புதிய மழைமானி என்றால், அதிலும் அண்டை மழைமானியிலும் ஒருசேரப் பதிவு உள்ள நாள்களை மட்டும் எடுத்து, மாதவாரியாகக் கூட்டி, அந்த மொத்தங்களின் விகிதத்தைப் பயன்படுத்தலாம். ஒன்றில் ஐந்து ஆண்டு, மற்றொன்றில் முப்பது ஆண்டு என்று வெவ்வேறு காலத்துச் சராசரிகளை வகுக்காதீர்கள்.

எழுதிவைக்கும் முறை

மூலப் பதிவேட்டில் கைவைக்காதீர்கள். நிரப்பிய எண்களைத் தனித் தாளில் வையுங்கள். ஒவ்வொரு மழைமானிக்கும் பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, அளந்ததற்கு "அ", நிரப்பியதற்கு "நி", சேர்ந்து விழுந்ததைப் பிரித்ததற்கு "பி" என்று குறியுங்கள். கடைசியாக, வடிநிலச் சராசரிக்குப் பக்கத்தில் அன்று அளக்கப்பட்ட மழைமானிகளின் எடைகளைக் கூட்டி எழுதுங்கள். தென்மலை காலியாக இருந்த நம் நாளுக்கு அது 0.8375. நான் இந்தக் கூட்டு 0.6-க்குக் கீழே போகும் நாளின் சராசரியை வெளியே கொடுப்பதில்லை. அந்த நாளின் கட்டத்தைக் காலியாக விட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதிவைப்பேன்.